சீலிங் ஃபேனுக்கும் இன்வெர்ட்டர் பேட்டரிக்கும் விவரம் எழுதுவது எப்படி? அறையின் அளவிலிருந்து கரண்ட் கட் வரை

எலெக்ட்ரிக்கல் கடைகள் வாட்ஸப்பிலும் ஆன்லைனிலும் போடும் விவரங்களைப் பார்த்தால் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போலவே இருக்கும். ஃபேன் என்றால் "1200 மி.மீ., அதிவேகக் காற்று, அழகிய தோற்றம்". பேட்டரி என்றால் "150 ஏஎச், நீண்ட பேக்கப், 60 மாத வாரண்டி". இதைப் படித்துவிட்டு வாடிக்கையாளர் போன் போடுவார். "அண்ணாச்சி, எங்க ரூமு பன்னெண்டுக்குப் பத்து. இந்த ஃபேன் பத்துமா? கரண்ட் போனா எத்தனை மணி நேரம் ஓடும்?" அவர் கேட்கும் இந்த இரண்டு கேள்விக்கும் விவரத்திலேயே பதில் இருந்திருக்க வேண்டும்.

கடை வைத்திருப்பவர்களுக்காகவும், கடைகளுக்கு விவரம் எழுதிக் கொடுப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். வாங்கப் போகிறவர்களும் படிக்கலாம். எந்த வரி இல்லாவிட்டால் கேட்டு வாங்க வேண்டும் என்று தெரியும்.

ஃபேனையும் பேட்டரியையும் தனித்தனிப் பொருளாக நினைத்து எழுதுவதுதான் நாம் செய்யும் பெரிய பிசகு. கரண்ட் அடிக்கடி போகும் ஊரில் இரண்டும் ஒரே கணக்கின் இரண்டு பக்கம். ஃபேன் எத்தனை வாட் இழுக்கிறது என்பதைப் பொறுத்தே பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும், எவ்வளவு சீக்கிரம் திரும்ப நிரம்பும் என்பதெல்லாம் அமையும்.

படி 1: எந்த மாதிரி கரண்ட் கட் என்று முதலில் தீர்மானியுங்கள்

"அடிக்கடி மின்தடை உள்ள இடங்களுக்கு ஏற்றது" என்ற வரியால் யாருக்கும் பயனில்லை. கரண்ட் கட்டில் பல வகை உண்டு. ஒவ்வொன்றும் பேட்டரியிடம் வேறு வேலை வாங்கும்.

தமிழ்நாட்டில் எல்லாருக்கும் தெரிந்தது பராமரிப்புக்காக அறிவித்துவிட்டு நிறுத்துவது. காலை ஒன்பது மணிக்குப் போனால் மதியம் இரண்டு, சில நாள் நான்கு, ஐந்து மணிக்குத்தான் வரும். மாதத்தில் ஒரு நாள் நீளமாகப் போகும், மற்ற நாளெல்லாம் பேட்டரிக்கு ஓய்வு. இந்த வீட்டுக்கு வேண்டியது கொள்ளளவு. ஒரே மூச்சில் ஐந்தாறு மணி நேரம் தாங்கினால் போதும். திரும்ப நிரம்ப ஒரு நாள் ஆனாலும் கேடு இல்லை.

இரண்டாவது வகை, கோடையில் சாயங்காலமும் ராத்திரியும் அரை மணி, ஒரு மணி என்று சொல்லாமல் கொள்ளாமல் போவது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம்தான் இறங்கும். ஆனால் முழுக்க ஏறுவதற்குள் அடுத்தது வந்துவிடும். இதன் உச்சத்தை 2012-இல் சென்னைக்கு வெளியே இருந்தவர்கள் அனுபவித்தார்கள். ஒரு மணி நேரம் இருக்கும், ஒரு மணி நேரம் இருக்காது. இலங்கையில் 2022 மார்ச் கடைசியில் ஒரே நாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. இந்த மாதிரி வீட்டுக்குக் கொள்ளளவைவிட முக்கியம், கரண்ட் இருக்கும் நேரத்தில் பேட்டரி எவ்வளவு ஏறுகிறது என்பது.

மூன்றாவது வகையை யாரும் கரண்ட் கட் என்று சொல்ல மாட்டார்கள். லோ வோல்டேஜ். கிராமத்தில் மோட்டார்கள் ஓடும் நேரத்தில் 170, 160 என்று இறங்கிவிடும். லைட் மங்கலாக எரியும், ஆனாலும் கரண்ட் இருப்பதாகத்தான் கணக்கு. இன்வெர்ட்டருக்கு அது கரண்ட் இல்லாத நேரமாகப் படலாம். அது எப்படி என்று பின்னால் பார்ப்போம்.

ஆகவே விவரத்தின் முதல் வரியிலேயே இது எந்த வகைக்கானது என்று போட்டுவிடுங்கள். "மாதம் ஒருமுறை நீண்ட மின்தடை வரும் வீட்டுக்கு" என்பதும் "தினமும் மூன்று நான்கு முறை ஒரு மணி நேரம் போகும் ஊருக்கு" என்பதும் வேறு வேறு ஆட்களை அழைக்கும் வரிகள்.

படி 2: ஃபேனை அறையோடு பொருத்துங்கள்

ஃபேனின் அளவு என்பது ஸ்வீப். இறக்கைகள் சுழலும்போது வரையும் வட்டத்தின் விட்டம். நம் கடைகளில் 600, 900, 1050, 1200, 1400 மி.மீ. கிடைக்கும். விற்பதில் பெரும்பகுதி 1200தான். எந்த அறையாக இருந்தாலும் அதையே எடுத்துக் கொடுக்கும் பழக்கமும் அதனால் வந்ததுதான்.

தோராயமாக 70 சதுர அடி வரையுள்ள சின்ன அறைக்கு 900 போதும். 100 சதுர அடிக்குள் 1050. அதிலிருந்து 150 சதுர அடி வரை 1200. அதற்கு மேல் 200 வரை 1400 பார்க்கலாம். ஆனால் சதுர அடியை மட்டும் எழுதி விட்டுவிடாதீர்கள். இருபதுக்குப் பத்து ஹாலும் 200 சதுர அடிதான். அதன் நடுவில் ஒரு 1400 மாட்டினால் நடுவில் உட்கார்ந்தவருக்குக் காற்று அள்ளும், இரண்டு கோடியிலும் இருப்பவர்களுக்கு வியர்க்கும். அங்கே இரண்டு 1050 அல்லது இரண்டு 1200தான் சரி. "நீளம் அகலத்தைப் போல் ஒன்றரை மடங்குக்கு மேல் இருந்தால் இரண்டு ஃபேன் யோசியுங்கள்" என்று ஒரு வரி சேர்த்தால், அது நேர்மையான வரி. ஒரு ஃபேன் கூடுதலாக விற்கவும் செய்யும்.

அப்புறம் பரண். நம் ஊர் படுக்கையறைகளில் ஒரு சுவரிலோ இரண்டு சுவரிலோ ஏழடி உயரத்தில் இரண்டடி அகலத்துக்குப் பரண் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் மேல் அட்டைப்பெட்டிகள் மேல்தளத்தைத் தொடும்வரை அடுக்கியிருக்கும். பத்துக்குப் பத்து என்று சொல்லும் அறையில் ஃபேனுக்கு உண்மையில் கிடைப்பது பத்துக்கு எட்டுதான். அறை அளவைக் கேட்கும்போது பரணைக் கழித்துவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள். எட்டுக்கு எட்டு அறையில் பரணும் இருந்தால் 1200 வேண்டாம், 900 போதும் என்று விவரத்திலேயே எழுதலாம்.

உயரத்தைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. இறக்கை தரையிலிருந்து ஏழடிக்குக் கீழே வரக் கூடாது. எட்டு, எட்டரை அடியில் இருந்தால் காற்று நன்றாக இறங்கும். மேல்தளத்துக்கும் இறக்கைக்கும் நடுவே ஒரு அடி இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் ஃபேன் மேலிருந்து காற்றை இழுக்கத் திணறும். பெட்டியோடு எத்தனை அங்குல ராடு வருகிறது என்பதை எழுதிவிட்டு, "பத்தடி உயரத் தளத்துக்கு இது போதும், பன்னிரண்டு அடி உயரமுள்ள பழைய வீட்டுக்கு நீள ராடு தனியாக வாங்க வேண்டும்" என்று சேர்த்தால் மாட்ட வந்த எலெக்ட்ரீஷியன் திரும்பிப் போக வேண்டி வராது.

இனி காற்று. பெட்டியில் ஆர்பிஎம் பெரிதாக அச்சடித்திருப்பார்கள், நாமும் அதை அப்படியே எடுத்துப் போட்டுவிடுவோம். ஆர்பிஎம் என்பது சுற்றும் வேகம் மட்டுமே. இறக்கையின் சாய்வு குறைவாக இருந்தால் வேகமாகச் சுற்றியும் காற்று தள்ளாது. எழுத வேண்டியது ஏர் டெலிவரி, அதாவது நிமிடத்துக்கு எத்தனை கன மீட்டர் காற்று தள்ளுகிறது என்பது. 1200 ஃபேனுக்கு 210 முதல் 240 வரை இருக்கும். பன்னிரண்டுக்குப் பத்து, பத்தடி உயரம் என்றால் அந்த அறையின் மொத்தக் காற்றே 34 கன மீட்டர்தான். 220 தள்ளும் ஃபேன் நிமிடத்துக்கு ஆறு தடவைக்கு மேல் அந்தக் காற்றைப் புரட்டிப் போடுகிறது. இப்படி எழுதினால் அந்த எண்ணுக்கு ஒரு பொருள் கிடைக்கும்.

மொட்டை மாடிக்கு நேர்கீழ் அறை என்றால் ஒரு எச்சரிக்கை வரியும் போடுங்கள். காங்கிரீட் தளம் பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரி இறக்கும்போது எந்த ஃபேனும் அந்தச் சூட்டுக் காற்றைத்தான் கீழே தள்ளும். "ஏசி போன்ற குளிர்ச்சி" என்று எழுதுபவர்களுக்குத்தான் ரிட்டர்ன் அதிகம் வரும்.

படி 3: வாட்டை எழுதுங்கள், கரண்ட் கட்டில் ஃபேன் எப்படி நடந்துகொள்ளும் என்பதையும் எழுதுங்கள்

பல வீடுகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய 1200 ஃபேன் முழு வேகத்தில் 75 வாட் இழுக்கும். கரண்ட் குறைவாக இழுக்கும் புதுவகை பிஎல்டிசி மோட்டார் உள்ளது 28 முதல் 35 வாட். 2023 ஜனவரியிலிருந்து சீலிங் ஃபேனுக்கு ஸ்டார் லேபிள் கட்டாயமாகிவிட்டது. அந்த லேபிளில் சர்வீஸ் வேல்யூ என்று ஒரு எண் இருக்கும். ஏர் டெலிவரியை வாட்டால் வகுத்தால் வருவது அது. 220 தள்ளி 75 வாட் இழுத்தால் 3-க்குச் சற்றுக் கீழே. 220 தள்ளி 32 வாட் இழுத்தால் 7-க்குச் சற்றுக் கீழே. இரண்டு ஃபேனை ஒப்பிட இந்த ஒரு எண் போதும். ஸ்டாரை மட்டும் போடாமல் இந்த எண்ணையும் போடுங்கள்.

இனி, கரண்ட் கட் ஊருக்கென்றே எழுத வேண்டிய மூன்று விஷயங்கள் உண்டு. பெட்டியில் இவற்றைத் தேடினாலும் சுலபத்தில் கிடைக்காது. ஒரு ஃபேனைக் கடையிலேயே மாட்டி ஓட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது மெமரி. ரிமோட்டில் ஓடும் பிஎல்டிசி ஃபேன்களில் சில, கரண்ட் ஒரு நொடி போய் வந்தாலே பழைய வேகத்தை மறந்துவிடும். ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுக்கும் அந்த இடைவெளியில் ஃபேன் நின்றுவிட்டால், தூக்கத்தில் எழுந்து ரிமோட்டைத் தேட வேண்டும். சில மாடல்கள் விட்ட வேகத்திலேயே தொடரும். சோதிப்பது எளிது. மூன்றாம் வேகத்தில் ஓடவிட்டு, சுவிட்சை அணைத்து, பத்து நொடி கழித்துப் போடுங்கள். மூன்றிலேயே ஓடினால் "கரண்ட் போய் வந்தாலும் அதே வேகத்தில் தொடரும்" என்று தைரியமாக எழுதலாம்.

இரண்டாவது ரெகுலேட்டர். பிஎல்டிசி ஃபேனைச் சுவரிலுள்ள பழைய ரெகுலேட்டர் வழியாக ஓட்டக் கூடாது, அதைக் கழற்றி நேர் இணைப்பு கொடுக்க வேண்டும். இதைச் சொல்லாமல் விற்றால் ஒரு மாதத்தில் "ஃபேன் விட்டு விட்டு ஓடுது அண்ணாச்சி" என்று வருவார்கள்.

மூன்றாவது, இன்வெர்ட்டரில் வரும் சத்தம். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் சாதாரண ஃபேன் 'உம்'மென்று இரையும், சூடாகும், வேகமும் குறையும். சைன் வேவில் இந்தத் தொல்லை இல்லை. பிஎல்டிசி ஃபேனை எந்த வகை இன்வெர்ட்டரில் ஓட்டலாம் என்று அதன் கையேட்டில் சொல்லியிருப்பதை அப்படியே எடுத்து எழுதுங்கள், ஊகித்து எழுத வேண்டாம்.

படி 4: பேட்டரி லேபிளைப் பிரித்துச் சொல்லுங்கள்

"அண்ணாச்சி, நூத்தம்பதுன்னா என்ன?" என்று கேட்பவரிடம் "பெரிய பேட்டரிம்மா" என்று சொல்லி முடித்துவிடுவதுதான் வழக்கம். ஏஎச் என்றால் ஆம்பியர் மணி, பேட்டரியின் கொள்ளளவு. லேபிளில் 150 ஏஎச்சுக்குப் பக்கத்தில் சின்னதாக சி20 என்று இருக்கும். 20 மணி நேரத்தில் மெதுவாக இறக்கினால் 150 கிடைக்கும் என்று அதற்குப் பொருள். அதாவது 7.5 ஆம்பியர் வீதம். அதைவிட வேகமாக இழுத்தால் 150 கிடைக்காது, குறையும். சோலாருக்கு வரும் பேட்டரிகளில் சி10 என்று இருக்கும். பத்து மணி நேரத்தில் இறக்கியே 150 தரும் என்று பொருள். ஆக சி10-இல் 150 என்பது சி20-இல் 150-ஐவிடப் பெரிய பேட்டரி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிட்டு விலை வித்தியாசத்துக்குக் காரணம் சொல்லாத கடைகள் நிறைய.

அடுத்தது எடை. லெட் ஆசிட் பேட்டரியில் காசு போவது ஈயத்துக்கு. உயரமான டியூபுலர் 150 ஆசிட்டோடு ஐம்பது கிலோவைத் தாண்டும். அதே 150 என்று லேபிள் ஒட்டி, பத்துப் பதினைந்து கிலோ குறைவாக ஒன்று வந்தால் உள்ளே ஈயம் குறைவு என்று சந்தேகப்படலாம். எடையை விவரத்தில் எழுதுபவர்கள் மிகக் குறைவு. நீங்கள் எழுதுங்கள், தெரிந்த வாடிக்கையாளர் அதைத்தான் முதலில் பார்ப்பார். எடையைச் சொல்லும்போதே அதை எங்கே வைப்பது என்பதையும் சொல்லிவிடலாம். காற்றோட்டமுள்ள இடம், அடுப்பும் சாமி விளக்கும் பக்கத்தில் வேண்டாம்.

வாரண்டியைப் பிரித்து எழுதுங்கள். 60 மாதம் என்று பெரிதாகப் போட்டிருப்பது பல சமயம் 36-உம் 24-உம் சேர்ந்தது. முதல் 36 மாதத்தில் பழுதானால் மாற்றித் தருவார்கள். அடுத்த 24 மாதத்தில் புதுப் பேட்டரி விலையில் ஒரு பங்கு தள்ளுபடி மட்டும்தான். நான்காம் வருடம் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வந்து "அறுபது மாசம்னு போட்டிருக்கே" என்று கேட்பவரிடம் கோபமில்லாமல் பேச வேண்டுமென்றால், விற்கும் அன்றே எழுதியிருக்க வேண்டும். தயாரித்த மாதத்தையும் போடுங்கள். பேட்டரி சும்மா நின்றாலும் இறங்கும். சார்ஜ் ஏற்றாமல் கடையில் பல மாதம் கிடந்தது புதிதாகாது.

படி 5: பேக்கப் வரியைக் கணக்கோடு எழுதுங்கள்

"8 மணி நேரம் வரை" என்று எழுதுவதில் அந்த 'வரை'யில்தான் எல்லாப் பொய்யும் ஒளிந்திருக்கிறது. என்ன ஓடினால் எட்டு மணி நேரம் என்று சொல்லாத பேக்கப் வரி எதையும் சொல்லவில்லை.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். பதினான்குக்குப் பத்து ஹால், பன்னிரண்டுக்குப் பத்து படுக்கையறை. கரண்ட் போனால் ஓட வேண்டியவை இரண்டு ஃபேன், மூன்று 9 வாட் எல்இடி பல்பு, ஒரு வைஃபை ரௌட்டர். மிக்சி, கிரைண்டர், ஃபிரிட்ஜ் எதுவும் இன்வெர்ட்டர் லைனில் இல்லை.

பழைய ஃபேன் என்றால் 75-உம் 75-உம் 150. பல்புக்கு 27, ரௌட்டருக்கு 10. மொத்தம் 187 வாட். இதோடு எல்லாரும் விட்டுவிடும் ஒன்றையும் சேர்க்க வேண்டும். இன்வெர்ட்டர் தான் விழித்திருக்கவே 15 வாட் போல எடுத்துக்கொள்ளும். ஆக 200 வாட். ஃபேன் இரண்டும் 30 வாட் பிஎல்டிசி என்றால் 60-உம் 37-உம் 15-உம் சேர்ந்து 112 வாட்.

12 வோல்ட் ஒற்றை பேட்டரி இன்வெர்ட்டருக்கு ஒரு குறுக்குவழி உண்டு. வாட்டைப் பத்தால் வகுத்தால் பேட்டரியிலிருந்து போகும் ஆம்பியர் வந்துவிடும். பன்னிரண்டால் வகுக்காமல் பத்தால் வகுப்பது இன்வெர்ட்டருக்குள் வீணாவதையும் சேர்ப்பதற்காக. பழைய ஃபேன் வீட்டில் 20 ஆம்பியர், பிஎல்டிசி வீட்டில் 11 ஆம்பியர். 150 ஏஎச்சை முழுக்க உறிஞ்சக் கூடாது. 80 சதவீதம், அதாவது 120 ஏஎச்சைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். 120-ஐ 20-ஆல் வகுத்தால் 6 மணி நேரம். 11-ஆல் வகுத்தால் 11 மணி நேரத்துக்குச் சற்றுக் கீழே. இரண்டு வீட்டிலும் இழுப்பது 7.5 ஆம்பியரைவிட அதிகம் என்பதால் கொஞ்சம் குறைத்து, ஐந்தரை என்றும் பத்து என்றும் எழுதுங்கள்.

இது புதுப் பேட்டரிக்கு. மூன்றாம் வருடத்தில் முப்பது சதவீதம் குறைந்திருக்கும் என்று வைத்துக்கொண்டால் நான்கு மணி நேரமும் ஏழு மணி நேரமும். அதையும் எழுதலாமா என்று தயங்குவார்கள். எழுதலாம் என்பதுதான் என் கட்சி. காலை ஒன்பது முதல் இரண்டு வரை போகும் ஊரில் இருப்பவருக்கு, பழைய ஃபேனோடு இந்தப் பேட்டரி முதல் வருடம் போதும், மூன்றாம் வருடம் பன்னிரண்டரை, ஒரு மணிக்கே கத்த ஆரம்பிக்கும் என்று இன்றே தெரிவது நல்லது.

படி 6: யாரும் எழுதாத வரி, திரும்ப நிரம்பும் நேரம்

தினமும் பல தடவை கரண்ட் போகும் ஊரில் பேட்டரி சாவது பெரும்பாலும் இங்கேதான். எத்தனை ஏஎச் இறங்கியதோ அதைப் போல் 1.2 மடங்கு உள்ளே தள்ளினால்தான் முழுக்க நிரம்பும். தள்ளுவது இன்வெர்ட்டர். அதன் சார்ஜிங் கரண்ட் 10 ஆம்பியரா, 15 ஆம்பியரா என்பது கையேட்டில் ஒரு மூலையில் இருக்கும். கடைசி இருபது சதவீதம் மெதுவாகத்தான் ஏறும் என்பதால் அதற்கென்று ஒன்றரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

அதே வீட்டில் நான்கு மணி நேரம் கரண்ட் போனதாக வைப்போம். பழைய ஃபேனில் 80 ஏஎச் இறங்கியிருக்கும், 96 தள்ள வேண்டும். 15 ஆம்பியரில் ஏறத்தாழ எட்டு மணி நேரம், 10 ஆம்பியரில் பதினொன்று. பிஎல்டிசியில் 44தான் இறங்கியிருக்கும், 53 தள்ளினால் போதும். 15 ஆம்பியரில் ஐந்து மணி நேரம், 10 ஆம்பியரில் ஏழு.

இப்போது 2012 மாதிரி ஒரு மணி நேரம் இருந்து ஒரு மணி நேரம் போகும் ஊரை எடுங்கள். பழைய ஃபேனில் போகும் மணி நேரத்தில் 20 ஏஎச் இறங்கும். வரும் மணி நேரத்தில் 15 ஆம்பியர் தள்ளினாலும் பேட்டரியில் உண்மையில் சேர்வது 12.5. ஒவ்வொரு சுற்றுக்கும் ஏழரை நஷ்டம். ராத்திரி பகலாக இப்படியே போனால் 150 ஏஎச் பேட்டரி மறுநாளைக்குள் காலியாகிவிடும், 200 ஏஎச் வைத்தால் சற்றுத் தள்ளிப்போகும், அவ்வளவுதான். பிஎல்டிசி ஃபேனில் இறங்குவது 11, சேர்வது 12.5. பேட்டரி நிறைந்துகொண்டே வரும். அதே பேட்டரி, அதே இன்வெர்ட்டர். சார்ஜிங் கரண்ட் 10 ஆம்பியர் என்றால் சேர்வது எட்டு சொச்சம்தான், இரண்டு வீட்டிலும் இறங்குமுகம்.

இதனால்தான் அப்படிப்பட்ட ஊரில் 150-ஐ 200 ஆக்கச் சொல்லி விற்பதைவிட ஃபேனை மாற்றச் சொல்வதே நியாயம் என்கிறேன். பாதி நிரம்பிய நிலையிலேயே மாதக்கணக்கில் கிடக்கும் லெட் ஆசிட் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் இறுகிவிடும். வாரண்டிக்குக் கொண்டு வரும்போது "சரியாக சார்ஜ் ஆகவில்லை" என்று திருப்பி அனுப்பப்படுவது இப்படித்தான். வீட்டுக்காரர் மீது தப்பில்லை, பேட்டரி மீதும் தப்பில்லை. யாரும் இந்தக் கணக்கைச் சொல்லவில்லை.

நிரம்புகிறதா என்று தெரிந்துகொள்ளவும் ஒரு வரி கொடுங்கள். டியூபுலர் பேட்டரி முழுக்க ஏறியிருந்தால் ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் 1.240 ஒட்டிக் காட்டும். ராத்திரி முழுக்க கரண்ட் இருந்தும் காலையில் 1.200-ஐத் தாண்டவில்லை என்றால் சார்ஜிங்கில் கோளாறு. ஆறு செல்லில் ஒன்று மட்டும் தனியாகக் குறைந்தால் அந்தச் செல் போய்க்கொண்டிருக்கிறது.

லோ வோல்டேஜ் இங்கேதான் வருகிறது. பல இன்வெர்ட்டர்களில் பின்னால் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். ஒரு பக்கம் யூபிஎஸ், இன்னொரு பக்கம் நார்மல், அல்லது எக்கோ. யூபிஎஸ்ஸில் இருந்தால் வோல்டேஜ் 180 சுற்றி இறங்கியதுமே இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மாறிவிடும். கம்ப்யூட்டருக்கு அது நல்லது. சாயங்காலம் முழுக்க 170 வரும் வீட்டில், தெருவே கரண்டில் இருக்க இந்த வீடு மட்டும் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும், சார்ஜும் ஏறாது. நார்மலில் வைத்தால் 100, 110 வோல்ட் வரைகூட தாங்கிக்கொண்டு ஓடும். "பேட்டரி நிக்கவே மாட்டேங்குது" என்று வந்தவரிடம் முதலில் கேட்க வேண்டியது அந்தச் சுவிட்ச் எந்தப் பக்கம் என்பதைத்தான்.

லித்தியம் பேட்டரிக்குத் தனியாக எழுத வேண்டும். வேகமாக நிரம்பும், தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. ஆனால் இன்வெர்ட்டரில் லித்தியத்துக்கான சார்ஜிங் அமைப்பு இருந்தால்தான் பொருந்தும் என்ற வரி முதலில் வர வேண்டும்.

படி 7: எல்லாம் சேர்ந்து எப்படி இருக்கும்

மேலே சொன்ன வீட்டுக்காக எழுதினால் ஃபேன் விவரம் இப்படி வரும். எண்களை உங்கள் மாடலின் லேபிளைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

> 1200 மி.மீ. பிஎல்டிசி சீலிங் ஃபேன். 100 முதல் 150 சதுர அடி அறைக்கு, பரணைக் கழித்துப் பாருங்கள். நிமிடத்துக்கு 220 கன மீட்டர் காற்று. முழு வேகத்தில் 30 வாட், பழைய ஃபேன் இழுப்பதில் பாதிக்கும் கீழே. பத்தடி உயரத் தளத்துக்கான ராடு பெட்டியிலேயே உண்டு. கரண்ட் போய் வந்தாலும் விட்ட வேகத்தில் தொடரும் (கடையில் ஓட்டிப் பார்த்தது). சுவர் ரெகுலேட்டரைக் கழற்றி நேர் இணைப்பு தர வேண்டும். நீள ஹாலுக்கு ஒன்று போதாது, இரண்டு மாட்டுங்கள்.

பேட்டரி விவரம்:

> 150 ஏஎச் (சி20) டால் டியூபுலர், 12 வோல்ட். தினமும் சில முறை கரண்ட் போகும் வீட்டுக்கு. ஆசிட்டோடு எடை 54 கிலோ. இரண்டு பிஎல்டிசி ஃபேன், மூன்று எல்இடி, ரௌட்டர் ஓடினால் புதிதில் சுமார் 10 மணி நேரம். இரண்டும் பழைய 75 வாட் ஃபேன் என்றால் ஐந்தரை. நான்கு மணி நேரம் ஓடியபின் 15 ஆம்பியர் சார்ஜரில் திரும்ப நிரம்ப 5 மணி நேரம் (பழைய ஃபேனில் 8). உங்கள் இன்வெர்ட்டர் 10 ஆம்பியர் என்றால் வாங்கும் முன் கேளுங்கள். வாரண்டி 36 மாதம் மாற்றித் தருவது, அதன்பின் 24 மாதம் விகிதத் தள்ளுபடி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மிதவையைப் பார்த்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்றவும், குழாய்த் தண்ணீர் கூடாது.

நீளமாக இருக்கிறதே என்று தோன்றலாம். போனில் பார்ப்பவர் முதல் இரண்டு வரியை மட்டும் படிப்பார் என்பது உண்மைதான். அதனால்தான் அறை அளவும் கரண்ட் கட் வகையும் முதலில் வருகின்றன. வாரண்டியும் தண்ணீரும் கடைசியில் இருந்தால் போதும், தேடுகிறவர் தேடிப் படிப்பார்.

படத்துக்கு, கம்பெனி தரும் பளபளப்பான படம் ஒன்று போதும். மற்ற இடத்தில் ஃபேனின் ஸ்டார் லேபிளையும் பேட்டரியின் பக்கவாட்டு லேபிளையும் கிட்டத்தில் எடுத்துப் போடுங்கள். சி20, எடை, தயாரித்த மாதம் எல்லாம் படிக்கும்படி தெரிய வேண்டும். புதுச் சரக்கு வரும்போதெல்லாம் பேட்டரி படத்தை மாற்ற மறந்துவிட்டால், போன வருடத்துத் தேதியைப் பார்த்துவிட்டு "இது பழைய சரக்கா அண்ணாச்சி?" என்று முதல் போன் வரும்.